சாயங்காலம் ஆறரைக்கு மேல் மெதுவாகும் இணையம்: ஒரு எஸ்விஐ இறங்கியபோது நடந்தது

பின்னணி

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், கப்பலூர் பக்கம் இருக்கும் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் நடந்தது இது. அலுவலகம், ஸ்டோர்ஸ், பேக்கிங் ஹால், கேமராக்கள் எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் கருவிகள். வெளியிலிருந்து போய் நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பது நான், அங்கேயே இருந்து தினசரி வேலைகளைக் கவனிப்பது ஒரு ஐடி தம்பி.

முன்பு அங்கே விலான்கள், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள், இருந்தன, ஆனால் ஒரு விலானிலிருந்து இன்னொரு விலானுக்குப் போக வேண்டிய எல்லாமே ஒரே கேபிளில் ஃபயர்வால் வரை போய் அதே கேபிளில் திரும்பி வந்தது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் பக்கத்து அறை சர்வரிலிருந்து ஒரு ஃபைல் எடுத்தாலும் அதே பாதைதான். அந்தச் சின்ன ஃபயர்வாலுக்கு இது பாரம் என்று சொல்லி ஒரு லேயர் 3 ஸ்விட்ச் வாங்க வைத்தேன். விலான்களுக்கு இடையே போகிற வேலையை ஸ்விட்சே பார்த்துக்கொள்ளும், இணையத்துக்குப் போவது மட்டும் ஃபயர்வாலுக்குப் போகும் என்பது திட்டம்.

எஸ்விஐ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஸ்விட்சுக்குள்ளேயே ஒவ்வொரு விலானுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்ட்டை உண்டாக்கி அதற்கு ஐபி கொடுக்கிறோம். அந்த ஐபிதான் அந்த விலானில் இருக்கும் கருவிகளுக்கு கேட்வே. எஸ்விஐ உயிரோடு இருக்கும்வரை அந்த சப்நெட் ஸ்விட்சின் ரவுட்டிங் டேபிளில் நேரடி இணைப்பாக நிற்கும். இந்த "உயிரோடு இருக்கும்வரை" என்ற இடத்தில்தான் நாங்கள் சிக்கினோம்.

அமைப்பு இதுதான். 10 அலுவலகம், 20 ஸ்டோர்ஸ், 30 பேக்கிங் ஹால், 40 கேமரா. 99 என்பது ஸ்விட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே மட்டும் இருக்கும் இணைப்பு விலான்.

```
ip routing
interface Vlan10
 ip address 192.168.10.1 255.255.255.0
interface Vlan30
 ip address 192.168.30.1 255.255.255.0
interface Vlan99
 ip address 192.168.99.1 255.255.255.252
ip route 0.0.0.0 0.0.0.0 192.168.99.2
```

20க்கும் 40க்கும் இதே மாதிரி வரிகள்தான், இங்கே விட்டிருக்கிறேன். ஃபயர்வால் பக்கத்தில் திரும்பி வரும் பாதைக்கு ஒரே ஒரு ஸ்டேட்டிக் ரவுட் போட்டேன்: 192.168.0.0/16 எல்லாம் 192.168.99.1க்கு. நாளைக்கு இன்னொரு விலான் சேர்த்தாலும் ஃபயர்வாலைத் தொட வேண்டியதில்லை என்பதால் அப்படி மொத்தமாகப் போட்டேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வேலையும் செய்தேன். ஒவ்வொரு பகுதியின் ஸ்விட்சுக்கும் போகும் டிரங்க்கில், அதாவது பல விலான்களைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் இணைப்பில், அந்தப் பகுதிக்குத் தேவையான விலான்களை மட்டும் விட்டேன். எல்லா டிரங்க்கிலும் எல்லா விலானும் போனதால் கேமரா விலானின் பிராட்காஸ்ட் தேவையில்லாமல் ஸ்டோர்ஸ் வரை போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்துவதற்காகத்தான். அதன்பின் விலான் 30, பேக்கிங் ஹாலுக்குப் போகும் ஒரே ஒரு டிரங்க்கில் மட்டும் மிஞ்சியது. மெயின் ஸ்விட்சில் அந்த விலானுக்கு வேறு போர்ட்டே கிடையாது.

மூன்று வாரம் கழித்து வந்த புகார்

மாற்றிய பிறகு மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் டெஸ்பாச் பிரிவிலிருந்து புகார் வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் இணையம் மெதுவாகிவிடுகிறது, இ-வே பில் போர்ட்டல் திறக்கவே சிரமப்படுகிறது, பில் கையில் வராததால் சரக்கு ஏற்றிய லாரி கேட்டுக்குள்ளேயே நிற்கிறது என்றார்கள். காலையில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

முதலில் இணையம் தரும் கம்பெனியைக் கேட்டோம். அவர்கள் பக்கம் அளந்து காட்டினார்கள்: 50 எம்பிபிஎஸ் லைனில் அந்த நேரத்தில் 8, 10 எம்பிபிஎஸ்தான் ஓடியது. கேமரா பதிவின் பேக்கப் சாயங்காலம் தொடங்குகிறதோ என்று பார்த்தோம், அது இரவு ஒரு மணிக்கு. இப்படியே நான்கு நாள் போய்விட்டது.

துப்பு கிடைத்தது டெஸ்பாச்சில் இருக்கும் ஒரு அக்காவிடமிருந்து. ஐடி தம்பியிடம் அவர் சொன்னது: "தம்பி, நேத்து ஹால்ல ஓவர்டைம் எட்டரை வரைக்கும் ஓடுச்சு. நெட்டும் எட்டரை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க பூட்டிட்டுப் போனதுக்கப்புறம்தான் படுத்துருச்சு."

ஆள் போனால் நெட்வொர்க் லேசாகத்தானே ஆக வேண்டும், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று தம்பி எனக்கு போன் செய்தார். எலக்ட்ரீஷியனைக் கேட்டோம். பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பதால், தீ பயத்தில், பூட்டும்போது ஹாலின் மெயினையே இறக்கிவிடுவது அங்கே பல வருட வழக்கம். "ஆளில்லாத ஹாலுக்கு எதுக்குண்ணே கரண்ட்டு" என்றார். சரியான வழக்கம்தான், அதை மாற்றச் சொல்லவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். மெயின் இறங்கினால் ஹாலுக்குள் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் சேர்ந்து அணையும்.

அந்தச் சாயங்காலம் பார்த்தது

அடுத்த நாள் ஆறு மணிக்கே போய் சர்வர் அறையில் உட்கார்ந்தேன். ஆறு முப்பத்திரண்டுக்கு மெயின் ஸ்விட்சின் கன்சோலில் இரண்டு மூன்று வரிகள் வந்தன. அவற்றில் ஒன்று இது:

```
%LINEPROTO-5-UPDOWN: Line protocol on Interface Vlan30, changed state to down
```

இதைப் பார்த்தும் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹால் அணைந்துவிட்டது, அங்கே யாருமில்லை, அந்த எஸ்விஐ இறங்கினால் யாருக்கு என்ன என்றுதான் நினைத்தேன். ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட்டின் அளவைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்:

```
5 minute input rate 65102000 bits/sec, 6014 packets/sec
5 minute output rate 66871000 bits/sec, 6173 packets/sec
```

இணையம் பார்க்கும் அலுவலகத்தில் உள்ளே வருவது அதிகமாகவும் வெளியே போவது குறைவாகவும் இருக்கும். இங்கே இரண்டும் கிட்டத்தட்ட சமம். அதுவும் ஃபயர்வாலின் இணையப் பக்கத்தில் சில எம்பிபிஎஸ்தான் ஓடுகிறது. அப்படியானால் மிச்சம் அறுபது சொச்சம் எம்பிபிஎஸ் வெளியே போகாமல், ஸ்விட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபயர்வாலின் செஷன் பட்டியலைத் திறந்து பைட் கணக்கின்படி வரிசைப்படுத்தினோம். மேலே ஒரே ஒரு வரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. 192.168.10.60இலிருந்து 192.168.30.50க்குப் போகும் யுடிபி. அலுவலகத்திலிருந்து பேக்கிங் ஹாலுக்கு. இது ஃபயர்வாலுக்கு வந்திருக்கவே கூடாது, ஸ்விட்சிலேயே முடிந்திருக்க வேண்டும்.

10.60 என்னவென்று தம்பிக்குத் தெரிந்திருந்தது. புகார் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் ஹாலில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள், அன்றைய பேக்கிங் எண்ணிக்கை தெரிவதற்காக. அலுவலகக் கம்ப்யூட்டரின் திரையை ஒரு எச்டிஎம்ஐ என்கோடர் எடுத்து, டிவிக்குப் பின்னால் இருக்கும் டீகோடரின் ஐபிக்கு 2 எம்பிபிஎஸ் அளவில் யுடிபியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிர்முனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஹால் அணைந்த பிறகும் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து பாதையைப் பார்த்தோம் (நேரக் கட்டங்களை எடுத்துவிட்டேன்):

```
tracert -d 192.168.30.50
  1  192.168.10.1
  2  192.168.99.2
  3  192.168.99.1
  4  192.168.99.2
  5  192.168.99.1
```

இப்படியே முப்பது வரி வரை போய் நின்றது. ஸ்விட்ச், ஃபயர்வால், ஸ்விட்ச், ஃபயர்வால்.

ஏன் சுற்றியது

ஒரு விலானில் இயங்கிக்கொண்டிருக்கும் போர்ட் ஒன்றுகூட இல்லையென்றால் ஸ்விட்ச் அந்த விலானின் எஸ்விஐயைத் தானாகவே இறக்கிவிடும். ஆட்டோஸ்டேட் என்று பெயர். பயனுள்ள ஏற்பாடுதான், போய்ச் சேர முடியாத சப்நெட்டை ரவுட்டிங் டேபிளில் வைத்திருக்கக் கூடாது என்பதற்காக அது இருக்கிறது. அந்த விலானை ஏற்றிச் செல்லும் டிரங்க்கும் இயங்கும் போர்ட்டாகவே கணக்கில் வரும். நான் டிரங்க்குகளைக் குறைக்காமல் விட்டிருந்தால் ஸ்டோர்ஸ் டிரங்க்கோ அலுவலக டிரங்க்கோ விலான் 30ஐத் தாங்கிப் பிடித்திருக்கும், எஸ்விஐ இறங்கியிருக்காது. அப்போது ஸ்விட்ச் 30.50 எங்கே என்று ஏஆர்பி கேட்டுப் பார்க்கும், பதில் வராது, பாக்கெட்டை அங்கேயே போட்டுவிடும், கதை அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் ஹாலின் ஒரே டிரங்க் அணைந்ததும் எஸ்விஐ இறங்கியது, அதோடு 192.168.30.0/24 என்ற ரவுட்டும் டேபிளிலிருந்து போனது. போனதும் என்ன ஆகும்? 30.50க்கு வரும் பாக்கெட்டுக்குப் பொருந்துகிற ஒரே ரவுட் இப்போது டிஃபால்ட் ரவுட்தான். அதை அந்த நேரத்தில் ஸ்விட்சே சொன்னது:

```
show ip cef 192.168.30.50
0.0.0.0/0
  nexthop 192.168.99.2 Vlan99
```

ஸ்விட்ச் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு அனுப்புகிறது. ஹால் அணைந்தது ஃபயர்வாலுக்குத் தெரியாது, அதனிடம் இருப்பது ஸ்டேட்டிக் ரவுட். 192.168 என்று தொடங்கினால் ஸ்விட்சிடம் கொடு என்று நான் எழுதி வைத்தபடி திருப்பிக் கொடுக்கிறது. ஸ்விட்ச் மறுபடி ஃபயர்வாலுக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று குறையும் டிடிஎல் எண் தீரும்வரை இதுவேதான்.

என்கோடர் அனுப்பும் பாக்கெட்டின் டிடிஎல் 64. ஸ்விட்ச் ஒன்றைக் குறைத்து 63ஆக ஃபயர்வாலுக்கு அனுப்பும், ஃபயர்வால் 62ஆகத் திருப்பும், இப்படியே போனால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஃபயர்வால் பக்கம் 32 தடவையும் ஸ்விட்ச் பக்கம் 31 தடவையும் அந்தக் கேபிளைக் கடக்கும். 2 எம்பிபிஎஸ் இப்படித்தான் அறுபது சொச்சம் ஆனது. போர்ட்டில் பார்த்த எண்ணும் இந்தக் கணக்கும் ஒத்துப்போனபோதுதான் வேறு காரணம் எதையும் தேட வேண்டாம் என்று நம்பினேன்.

சரி, 65 எம்பிபிஎஸ் ஒரு ஜிகாபிட் கேபிளுக்கு ஒன்றுமே இல்லையே? அந்தக் கேபிள் ஜிகாபிட்டில் ஓடவில்லை. பேட்ச் கார்டில் ஒரு ஜோடி சரியில்லாததால் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் இறங்கி நின்றது, மாற்றிய நாளிலிருந்தே யாரும் கவனிக்கவில்லை. 62, 64 சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் இணையத்திலிருந்து வரும் 50 எம்பிபிஎஸ்ஸுக்கு இடமில்லை. தம்பி கார்டை உடனே மாற்றிவிடலாம் என்றார். வேண்டாம், கடைசியில் மாற்றுவோம் என்றேன். மாற்றியிருந்தால் புகார் அன்றே நின்றிருக்கும், சுற்றல் அப்படியே இருந்திருக்கும், அதை எப்போது பார்ப்போமோ தெரியாது.

முதலில் எடுத்த தவறான முடிவு

அந்த /16 ரவுட்தான் குற்றவாளி என்று எனக்குப் பட்டது. மொத்தமாகப் போட்டதால்தானே இல்லாத சப்நெட்டுக்கும் ஃபயர்வால் திருப்பி அனுப்புகிறது என்று, அதை எடுத்துவிட்டு நான்கு /24 ரவுட்டுகளாக எழுதினேன். சுற்றல் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது: அந்த நான்கில் 192.168.30.0/24ம் ஒன்று, ஹால் அணைந்தாலும் அது ஃபயர்வாலில் அப்படியேதான் இருக்கும். ஸ்விட்சில் ரவுட் தானாகப் போய்விடுகிறது, ஃபயர்வாலில் போவதில்லை. எத்தனை துண்டாக எழுதினாலும் இந்த வேறுபாடு மாறாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. /16ஐத் திரும்பப் போட்டேன்.

விலான் 30ஐ இன்னொரு டிரங்க்கிலும் விட்டு எஸ்விஐயை நிமிர்த்தி வைக்கலாம் என்றும் யோசித்தோம். வேலை செய்யும். ஆனால் எதற்காக அந்த விலான் அங்கே இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்குத் தெரியாது, சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடுவார், நான் எடுத்த மாதிரியே. ஆட்டோஸ்டேட்டையே அணைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு, ஆனால் அதுவும் ஒரு விலானுக்குத்தான் மருந்து. 192.168.77.5 என்று இல்லவே இல்லாத ஒரு முகவரிக்கு யாராவது பிங் செய்தாலும் இதே சுற்றல்தான் வரும், எஸ்விஐக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செய்து பார்த்தோம், சுற்றியது.

செய்த மாற்றம்

ஸ்விட்சில் இதைப் போட்டோம்:

```
ip route 192.168.0.0 255.255.0.0 Null0
interface Null0
 no ip unreachables
```

Null0 என்பது குப்பைத்தொட்டி மாதிரி, அங்கே போகும் பாக்கெட் போனதுதான். எஸ்விஐ உயிரோடு இருக்கும்போது அதன் /24 இன்னும் குறிப்பான ரவுட் என்பதால் அதுதான் ஜெயிக்கும், Null0 வரி குறுக்கே வராது. எஸ்விஐ இறங்கினால் /24 போய்விடும், அடுத்துப் பொருந்துவது இந்த /16, டிஃபால்ட் ரவுட் வரை போகாது. பாக்கெட் ஸ்விட்சிலேயே முடியும். கீழே இருக்கும் `no ip unreachables` எதற்கென்றால், அது இல்லாவிட்டால் போட்டுவிட்ட பாக்கெட்டுகளுக்கு "போய்ச்சேர முடியவில்லை" என்று பதில் எழுதும் வேலை ஸ்விட்சின் சிபியுவுக்கு வரும்.

ஃபயர்வாலிலும் ஒன்று செய்தோம். உள்ளேயிருந்து வந்து உள்ளேயே திரும்பிப் போவதற்கு பழைய அமைப்பின் காலத்திலிருந்து ஒரு அனுமதி விதி இருந்தது. அப்போது அது தேவை, விலான்களுக்கு இடையே எல்லாம் அதன் வழியாகத்தான் போனது. இப்போது தேவையில்லை என்பதால் அதைத் தடை விதியாக மாற்றி, பதிவும் போட வைத்தோம். ஸ்விட்சில் யாராவது Null0 வரியை எடுத்துவிட்டாலும் சுற்றல் முதல் சுற்றிலேயே நிற்கும், பதிவில் தெரியவும் செய்யும்.

கடைசியாகப் பேட்ச் கார்டை மாற்றினோம், போர்ட் 1000க்கு வந்தது.

பிறகு

அடுத்த நாள் ஆறரைக்கு மெயின் இறங்கியது, Vlan30 இறங்கிய வரியும் கன்சோலில் வந்தது, ஃபயர்வால் போர்ட்டின் வெளியே போகும் அளவு 3 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. இ-வே பில் போர்ட்டல் திறந்தது. ஹால் அணைந்திருக்கும்போது tracert செய்தால் முதல் வரியில் 192.168.10.1 வருகிறது, அதற்குக் கீழே வெறும் நட்சத்திரங்கள். காலையில் மெயினைப் போட்டதும் ஹால் ஸ்விட்ச் எழுந்து, ஸ்பானிங் ட்ரீ அரை நிமிடம் யோசித்து, எஸ்விஐ மேலே வந்ததும் டிவியில் படம் தானாக வருகிறது. என்கோடர் இரவு முழுவதும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் இப்போது யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த மாற்றத்தில் ஒரு குறை உண்டு. இதற்கு முன் எஸ்விஐ இறங்கினால் சுற்றல் தெரியும், இப்போது அமைதியாக விழுங்கிவிடும். பகல் நேரத்தில் யாராவது டிரங்க்கில் விலான் 30ஐத் தவறுதலாக எடுத்துவிட்டால் ஹால் துண்டிக்கப்படும், தேடுகிறவருக்கு கேட்வேக்குப் பிறகு மௌனம்தான் கிடைக்கும். அதனால் தம்பி வைத்திருக்கும் நோட்டில் எழுதி வைத்தோம்: கேட்வே வந்து அதற்கப்புறம் எதுவுமே வரவில்லையென்றால் முதலில் `show ip interface brief` பார், அந்த விலானுக்கு எதிரே up, down என்று இருந்தால் டிரங்க்கைப் பார்.

இப்போது மாற்றிக்கொண்டது

ஃபயர்வாலில் உள் சப்நெட்டுகளுக்கு மொத்த ரவுட் எழுதும் அதே உட்காரலில் ஸ்விட்சில் அதே அளவுள்ள Null0 வரியையும் எழுதிவிடுகிறேன், ஒன்றில்லாமல் மற்றொன்று கிடையாது. டிரங்க்கில் விலான்களைக் குறைக்கும்போது, எந்த விலான் ஒரே ஒரு கேபிளை நம்பி நிற்கப்போகிறது என்று பட்டியல் எடுத்து, அந்தக் கேபிளின் மறுமுனைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, யார் எப்போது அணைக்கிறார்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

ஒப்படைக்கும் முன் செய்யும் சோதனையும் மாறியிருக்கிறது. முன்பு எல்லா விலானிலிருந்தும் எல்லா விலானுக்கும் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவேன். இப்போது ஒவ்வொரு எஸ்விஐயாக `shutdown` செய்து, வேறு விலானிலிருந்து அந்த சப்நெட்டுக்கு tracert விட்டு, 99.1ம் 99.2ம் மாறி மாறி வருகிறதா என்று பார்த்துவிட்டு, `no shutdown` கொடுக்கிறேன். நான்கு விலானுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. சென்ற மாதம் மேலூர் பக்கம் இதே மாதிரி அமைப்புள்ள இன்னொரு இடத்தில் செய்தபோது இரண்டாவது விலானிலேயே 99.1, 99.2 என்று வரிசையாக வந்தது. அங்கே ஒருவரும் புகார் சொல்லியிருக்கவில்லை.